ஆறு நிமிடம் பேசினோம், அப்புறம்?

கோவை கொடிசியா வளாகத்தில் இயந்திரக் கண்காட்சி நடக்கும் நாட்களில், மாலை ஐந்து மணிக்கு மேல் ஹால் வாசலில் நின்று பார்த்தால் வெளியே வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணிப்பை இருக்கும். அதில் கேட்லாக், நோட்டீஸ், பேனா. சட்டைப்பையில் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும். "நல்ல காண்டாக்ட் நாலைஞ்சு கிடைச்சுதுங்க" என்று சொல்லிக்கொண்டே பார்க்கிங் பக்கம் நடப்பார்கள். அந்த நாலைந்தில் எத்தனை பேரோடு ஒரு மாதம் கழித்தும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

பேச்சு ஏன் அறுந்துபோகிறது? ஆளைப் பிடிக்காததால் அல்ல, தேவை இல்லாததால்கூட அல்ல. பேச்சு நின்ற இடத்தை இருவருமே மறந்துவிடுகிறார்கள். மறுநாள் போகிற செய்தி அந்த இடத்திலிருந்து தொடங்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. "நேற்று உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி, எங்கள் கம்பெனி புரொஃபைல் இணைத்துள்ளேன்" என்பது கண்காட்சிக்கே போகாத ஒருவரும் அனுப்பக்கூடிய செய்தி. அதைப் படிக்கிறவருக்கு, தான் பேசிய எதுவும் எதிராளியின் காதில் விழுந்ததாகத் தெரியாது.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். கணபதிப் பக்கம் ஒரு சிறிய பட்டறை. நாலு சி.என்.சி. டர்னிங் மெஷின், ஒரு சென்டர்லெஸ் கிரைண்டிங் மெஷின், ஜாப் ஒர்க்தான் பிழைப்பு. அதன் உரிமையாளர் கண்காட்சியின் மூன்றாவது நாளான சனிக்கிழமை, ஒரு பம்ப் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜரை ஒரு ஸ்டாலுக்கு வெளியே தற்செயலாகப் பிடிக்கிறார். ஆறு நிமிடம் பேச்சு. முதல் இரண்டு நிமிடம் எந்த ஊர், யாருக்கெல்லாம் ஓட்டுகிறீர்கள் என்ற வழக்கமான விசாரிப்பு. மூன்றாவது நிமிடத்தில் மேனேஜர் ஒரு வார்த்தை விடுகிறார்: "ஷாஃப்ட்தாங்க எங்களுக்குத் தலைவலி. மைக்ரோமீட்டர்ல பார்த்தா அளவு சரியா இருக்கு. பேரிங் ஏத்தும்போது சில பீஸ் இறுகுது. ஏன்னு பிடிபட மாட்டேங்குது." பட்டறைக்காரர் ஏதோ சொல்ல வாய் திறக்கும்போது மேனேஜருக்குப் போன் வருகிறது. "கார்டு குடுங்க, பேசலாம்" என்று நடந்துவிடுகிறார்.

பட்டறைக்காரர் அடுத்து என்ன செய்தாலும் அதன் மதிப்பு அந்த மூன்றாவது நிமிடத்தில்தான் இருக்கிறது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அவருக்கு அடுத்த ஸ்டாலுக்குப் போகும் வரைதான் நேரம். கார்டின் பின்பக்கம் மூன்று விஷயம் எழுத வேண்டும். அவர் சொன்ன குறை, அவர் வாயில் வந்த அதே வார்த்தைகளில்: "மைக்ரோ சரி, பேரிங் இறுகுது." எங்கே, எப்போது பேசினோம்: "டி ஹால், சனி மாலை." நாம் என்ன செய்வதாகச் சொன்னோம், அல்லது என்ன சொல்ல வந்து நின்றோம். 'நல்ல மனிதர், பெரிய கம்பெனி' என்று எழுதி வைப்பதில் பயன் இல்லை. அது கார்டின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. வழவழப்பான கார்டில் பேனா பிடிக்காது. அப்படியானால் கார்டைப் போனில் படம் எடுத்து, அந்தப் படத்தோடு இருபது விநாடி குரல் பதிவாகச் சொல்லி வைக்கலாம். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், முப்பது முகங்களில் ஷாஃப்ட் சொன்னவர் யார், வால்வு சொன்னவர் யார் என்று கலந்துபோகும்.

அடுத்த கேள்வி, எப்போது எழுதுவது. அன்று இரவேவா, நாலு நாள் கழித்தா? என் கருத்தில் இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை செய்கிற செய்திகள். அன்று இரவு போவது ஆளை அடையாளம் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். விஷயம் உள்ள செய்தி அவர் ஆபீஸ் மேஜைக்குத் திரும்பிய பிறகு போக வேண்டும். கண்காட்சி நாட்களில் பர்ச்சேஸ் ஆட்கள் நின்றபடியே போனைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் நீளமாக எது போனாலும் 'அப்புறம் படிக்கலாம்' என்று தள்ளப்படும், தள்ளியது கீழே இறங்கிக்கொண்டே போகும். முடிந்து வரும் முதல் வேலைநாளிலும் சேர்ந்துபோன மெயில்களே அவரை விழுங்கிவிடும். அதற்கு அடுத்த ஓரிரு நாட்கள்தான் சரியான இடைவெளி.

அன்றிரவு வாட்ஸ்அப்பில் போக வேண்டியது இவ்வளவுதான்:

"வணக்கம் சார், கணபதி கிரைண்டிங் பட்டறை. இன்னிக்கு சாயங்காலம் டி ஹால்ல ஷாஃப்ட் பத்திப் பேசினோம். மைக்ரோமீட்டர்ல சரியா இருந்தும் பேரிங் இறுகுதுன்னு சொன்னீங்க. அதை எங்க மெஷின்ல ஒருதரம் பார்த்துட்டு புதன்கிழமை எழுதறேங்க. பதில் அவசரமில்லை."

முதல் வரியில் இடமும் தொழிலும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். இவருடைய எண் மேனேஜரின் போனில் சேமிக்கப்பட்டிருக்காது. திரையில் வெறும் எண்ணும் முதல் சில வார்த்தைகளும்தான் தெரியும். அந்தச் சில வார்த்தைகள் "குட் ஈவினிங் சார், ஹவ் ஆர் யூ" என்று போய்விட்டால், கடன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டத்தோடு இதுவும் சேர்ந்துவிடும். பெயரை முதலில் போடுவதைவிட எதைப் பேசினோம் என்பதை முதலில் போடுவது நல்லது. ஒரே நாளில் பத்து செந்தில்களைச் சந்தித்தவருக்கு ஷாஃப்ட் பற்றிப் பேசிய செந்தில்தான் நினைவில் இருப்பார். பெயர் கடைசியில் வந்தால் போதும்.

புதன்கிழமை என்று நாள் குறித்ததும் காரணத்தோடுதான். நாள் சொல்லாமல் 'விரைவில்' என்று எழுதினால் எழுதியவருக்கே அது கடமையாக இருக்காது. நாள் சொல்லி அதே நாளில் அனுப்பினால், ஒரு சப்ளையரிடம் மேனேஜர் முதலில் எதிர்பார்க்கும் குணத்தை ஆர்டர் கொடுக்காமலேயே அவர் பார்த்துவிடுகிறார். சொன்ன தேதியில் சரக்கு வருமா என்பதுதானே அவருடைய அன்றாடக் கவலை.

இனி புதன்கிழமைக்குள் பட்டறையில் நடக்க வேண்டிய வேலை. 25 மில்லிமீட்டர் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு கே6 என்று டாலரன்ஸ் கொடுத்திருந்தால், அளவு 25.002-க்கும் 25.015-க்கும் நடுவே இருக்க வேண்டும். மொத்தமே 13 மைக்ரான் இடைவெளி. மைக்ரோமீட்டர் எதிரெதிரான இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் அளக்கும். சென்டர்லெஸ் மெஷினில் வேலைப்பொருளின் உயரம் சரியாக அமையவில்லை என்றால் ஷாஃப்ட் முழு வட்டமாக வராமல் மூன்று பக்கம் லேசாகப் புடைத்தாற்போல வரும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கம் புடைத்திருந்தால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அமுங்கியிருக்கும் என்பதால் மைக்ரோமீட்டரை எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே அளவுதான் காட்டும். பேரிங்குக்குள் போகும்போது மட்டும் அந்தப் புடைப்புகள் இடிக்கும். ஷாஃப்டை 90 டிகிரி வி-பிளாக்கில் வைத்து, மேலே டயல் கேஜ் நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் குட்டு உடைந்துவிடும். முள் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை ஏறி இறங்கும். டயலில் தெரியும் ஆட்டம் உண்மையான கோணலைப்போல இரு மடங்கு இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பட்டறைக்காரர் தன் மெஷினில் ஒரு துண்டு ராடை கிரைண்ட் செய்து இதைப் பார்க்கிறார். அரை மணி நேர வேலை. இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. பட்டறையில் வேறு வாடிக்கையாளரின் ஷாஃப்ட் நூறு கிடக்கும், அதில் ஒன்றை எடுத்து அளந்து படம் பிடித்து அனுப்புவது சுலபம். அதைச் செய்யக் கூடாது. இன்னொரு கம்பெனியின் பாகத்தையோ டிராயிங்கையோ காட்டினால், 'நாளைக்கு நம்முடையதும் இப்படித்தான் ஊர் சுற்றும்' என்று மேனேஜர் அந்த நிமிடமே முடிவு செய்துவிடுவார். அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்தக் கதவு திறக்காது.

புதன்கிழமைச் செய்தி:

"வணக்கம் சார், டி ஹால்ல ஷாஃப்ட் பத்திப் பேசின கணபதி பட்டறை. 25 மி.மீ. ராடு ஒண்ணு ஓட்டிப் பார்த்தோம். மைக்ரோமீட்டர்ல எங்க பிடிச்சாலும் ஒரே அளவு. வி-பிளாக்ல வச்சு டயல் போட்டா ஒரு சுத்துக்கு மூணு தடவை முள் ஏறி இறங்குது, 8 மைக்ரான். வீடியோ கீழே இருக்குங்க. உங்க ரிஜெக்ட் பீஸ் ஒண்ணை இப்படி வச்சுப் பார்த்தா இதுதான் காரணமான்னு அங்கேயே தெரிஞ்சிடும். அந்த ஷாஃப்ட் சென்டர்லெஸ்ல ஓடுதா, சென்டர் போட்டு ஓட்டறாங்களா?"

ஆர்டர் வேண்டும் என்ற சொல்லே இதில் இல்லை. பட்டறையின் பெருமை இல்லை, மெஷின் பட்டியல் இல்லை. மேனேஜரின் குறையை எடுத்து, ஒரு படி முன்னால் நகர்த்தி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார். இவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் அவர் தன் ஆளிடம் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லலாம். இலவசமாக வைத்தியம் சொல்லிவிட்டால் வேலை வேறு யாருக்கோ போய்விடாதா என்று சிலர் பயப்படுவார்கள். போகலாம்தான். ஆனால் நோயைக் கண்டுபிடித்தவரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடும் அவகாசம் பர்ச்சேஸில் இருப்பவருக்குக் குறைவு. சொன்ன காரணம் தப்பாகவே இருந்தாலும் நஷ்டமில்லை. "இல்லீங்க, சென்டர் போட்டுத்தான் ஓட்டறாங்க" என்று அவர் எழுதினால் அதுவும் பேச்சு தொடர்வதுதான்.

கடைசியில் இருக்கும் கேள்வியை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஒரே கேள்வி, ஒரே வார்த்தையில் பதில். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கட்டைவிரலால் தட்டிவிடலாம். "எப்போது உங்களை வந்து பார்க்கலாம்?" என்ற கேள்வி மரியாதையாகத் தெரிந்தாலும் பதில் சொல்லக் கடினமானது. டைரியைப் பார்க்க வேண்டும், மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும், வந்தால் என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டும். அவ்வளவு வேலை வைக்கிற கேள்விக்குப் பதில் தள்ளித்தான் போகும். "தங்கள் மேலான ஆதரவை எதிர்பார்க்கிறோம்" என்பதிலோ கேள்வியே கிடையாது, பதில் சொல்ல அங்கே எதுவும் இல்லை.

இவ்வளவு செய்ய மனம் ஏன் தயங்குகிறது? 'நாம் பேசியது அவருக்குப் பிடித்திருக்காது, தொல்லையாக நினைப்பார்' என்ற எண்ணம் அந்த இரவிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த எண்ணத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். எரிக்கா பூத்பி, கஸ் கூனி, கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், மார்கரெட் கிளார்க் ஆகிய நால்வர் 2018-இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவர் பேசி முடித்த பிறகு, எதிராளி தன்னை எவ்வளவு விரும்பினார் என்பதை ஒவ்வொருவரும் உள்ளதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். மேனேஜருக்குப் போன் வந்தது போன் வந்ததால்தான், பட்டறைக்காரர் அலுப்பூட்டியதால் அல்ல. ஆனால் இந்த ஆய்வு முதல் செய்தி அனுப்பத்தான் தைரியம் தருகிறது. பதில் வராத ஒருவருக்கு ஏழாவது செய்தி அனுப்ப அதில் எந்த அனுமதியும் இல்லை.

பதில் வராவிட்டால்? இரண்டு நீலக் கோடு விழுந்து மூன்று நாள் ஆயிற்று என்பதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. கார் ஓட்டும்போது பார்த்திருப்பார், குவாலிட்டி ஆளுக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு மறந்திருப்பார். ஒரு வாரம், பத்து நாள் விட்டு இன்னொரு செய்தி அனுப்பலாம், அதில் புதிதாக ஏதாவது இருந்தால். "எனி அப்டேட் சார்?" என்பதில் புதிதாக ஒன்றும் இல்லை. அது அவர் செய்யாமல் விட்டதைச் சுட்டிக்காட்டுகிறது, அவ்வளவுதான். நம் பட்டறைக்காரர் மெஷினில் ராடின் உயரத்தை ஏற்றி மறுபடி ஓட்டிப் பார்த்து, ஆட்டம் 8-இலிருந்து 3 மைக்ரானுக்கு இறங்கியதை இரண்டு வரியில் எழுதுகிறார். கூடவே, "இது குவாலிட்டி சைடு பார்க்கற விஷயம்னா அவங்க நம்பர் குடுங்க, உங்களைத் தொந்தரவு பண்ணாம அவங்ககிட்டயே பேசிக்கிறேன்" என்கிறார். பர்ச்சேஸ் மேனேஜர் மௌனமாக இருப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். விலையும் தேதியும் அவர் கையில். ஷாஃப்ட் ஏன் இறுகுகிறது என்பது குவாலிட்டியின் மேஜையில். பதில் சொல்லத் தெரியாததை அவர் ஒத்திப்போடுகிறார்.

அதற்கும் சத்தமில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். அடுத்த கண்காட்சியில் பார்த்தால் இயல்பாகப் பேசக்கூடிய அளவுக்கு உறவைக் கெடுக்காமல் நிறுத்துவது முக்கியம். காலை வணக்கப் படங்கள், பண்டிகை வாழ்த்து, கம்பெனி குரூப்பில் கேட்காமல் சேர்ப்பது எல்லாம் தொடர்பை உயிரோடு வைத்திருப்பதாக நினைத்துச் செய்யப்படுபவை. அவர் உங்கள் எண்ணை மியூட்டில் போட்ட பிறகு நீங்கள் அனுப்பும் நல்ல செய்தியும் அவர் கண்ணில் படாது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் போட்டு மொத்தமாக அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவருக்கு அது போய்ச் சேராது. ஒரு முறை சந்தித்தவர்களில் எத்தனை பேர் சேமித்திருப்பார்கள்?

வருகிற பதிலையும் படிக்கத் தெரிய வேண்டும். "பார்க்கலாங்க" என்றால் மரியாதையான மறுப்பு, அதற்கு மேல் தட்ட வேண்டாம். "அடுத்த மாசம் கூப்பிடுங்க" என்பது இரண்டு விதமாகவும் இருக்கும். "அடுத்த மாசம் ஏதாவது புது மாடல் வருதுங்களா?" என்று திருப்பிக் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். காரணம் இருந்தால் சொல்வார், இல்லையென்றால் "அப்படி ஒண்ணும் இல்லை" என்பார். "வெண்டார் ஃபார்ம் அனுப்பச் சொல்றேன்" என்றால் விஷயம் நகர்கிறது. ஜி.எஸ்.டி., பான், உத்யம் பதிவு எண் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகத் தயாராக வைத்திருந்து அன்றைக்கே அனுப்பலாம். பணம் எத்தனை நாளில் வரும் என்ற பேச்சுக்கு இடம் அங்கேதான். குறுந்தொழிலுக்கும் சிறுதொழிலுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நியாயமான உரிமைதான், ஆனால் புதன்கிழமைச் செய்தியில் அதற்கு வேலை இல்லை.

பட்டறைக்காரரிடம் கொடுக்க ஒரு சோதனை முடிவு இருந்தது. கொடுக்க எதுவும் இல்லாதவர் என்ன செய்வார்? கல்லூரிக் கடைசி ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் ஒரு டிசைன் இன்ஜினியரிடம் பேசியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ரெஸ்யூம் அனுப்பி "வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்" என்று எழுதத்தான் கை போகும். அவர் பேச்சுவாக்கில் ஒரு சாஃப்ட்வேரையோ ஒரு அத்தியாயத்தையோ 'இதைப் படிம்மா' என்று சொல்லியிருப்பார் அல்லவா? அதைப் படித்து, எங்கே புரியாமல் நின்றது என்று எழுதுவதுதான் அவளால் கொடுக்கக்கூடியது. சொன்னதைச் செய்துவிட்டு வந்து சொல்கிற இளையவர்கள் மிகக் குறைவு. ஆகவே அப்படிப்பட்டவர் நினைவில் நிற்பார். வேலை தேடுவதில் இத்தகைய அரைகுறைப் பழக்கங்களின் பங்கை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இலேயே எழுதினார். பாஸ்டனை ஒட்டிய பகுதியில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு வழி காட்டியவர்கள் எப்போதோ பார்த்துக்கொள்கிற ஆட்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், தள்ளி நிற்பவரிடம்தான் நாம் கேள்விப்படாத செய்தி இருக்கும் என்பது அவர் சொன்ன விளக்கம்.

கணபதிக்குத் திரும்புவோம். மூன்றாவது செய்திக்குப் பிறகு, மேனேஜரிடமிருந்து பதில் வராமல் குவாலிட்டி இன்ஜினியரிடமிருந்து நேராகப் போன் வருகிறது என்று கொள்வோம். ரிஜெக்ட் ஷாஃப்டை வி-பிளாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள், முள் மூன்று தடவைதான் ஏறி இறங்குகிறது. "அஞ்சு பீஸ் சாம்பிள் ஓட்டிக் குடுங்க, டிராயிங் மெயில்ல வரும்" என்கிறார். இந்த இடத்தில் பலர் ஆர்டர் வந்த சந்தோஷத்தில் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பட்டறைக்காரர் டிராயிங்கைப் பிரித்து வைத்துப் பார்க்கிறார். பேரிங் சீட்டில் கே6 போட்டிருக்கிறது. வட்டம் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு குறியீடும் இல்லை. இப்போது ஷாஃப்ட் போடுகிற பட்டறை டிராயிங்குக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறது, குறை டிராயிங்கில். சாம்பிளை ஓட்டுவதற்கு முன்னால் அவர் குவாலிட்டி இன்ஜினியருக்கும் பர்ச்சேஸ் மேனேஜருக்கும் சேர்த்து ஒரே மெயில் எழுதுகிறார்: "பேரிங் சீட்டுக்கு ரவுண்ட்னஸ் 4 மைக்ரான்னு டிராயிங்ல சேர்த்துக்கலாங்களா? சேர்த்தா எந்தப் பட்டறை ஓட்டினாலும் இந்தப் பிரச்சினை உள்ளே வராது. நாங்க அதுக்கு ஓட்டித் தர்றோம், விலை எவ்வளவு மாறும்னு நாளைக்குச் சொல்றேன்."